இரும்புக் குழாயில் அடைத்த தீ

மாத்தளைத் தேர்த் திருவிழாவில் வானத்துக்கு ஏறும் வாணத்தின் உடல் காகித அட்டைக் குழாய்தான். அதே வாணத்தை இரும்பில் செய்து, மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் ஆங்கிலேயப் படைமீது ஏவினார்கள்.

வெடிமருந்து எரியும்போது குழாய்க்குள் வாயு நெருக்கும். அந்த நெருக்கம் கூடக்கூட மருந்து இன்னும் வேகமாக எரியும். பின்புறத் துளையால் வாயு சீறிப் பாயும் வேகமும் கூடும். காகிதமும் மூங்கிலும் அதைத் தாங்காமல் கிழிந்துவிடும். இரும்புத் தகடு தாங்கும். மருந்தையும் அதற்குள் இறுக இடித்து நிரப்பலாம். மைசூர் ரொக்கெட் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறந்ததற்குக் காரணம் இதுதான். இலண்டன் வூல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்துக்குப் போன ஒன்றின் குழாய் வெறும் 25 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டம். வால்குச்சிக்குப் பதிலாக அதில் ஒரு மீட்டர் நீள வாளையே தோல்வாரால் கட்டியிருந்தார்கள்.

1780 செப்டெம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை சுற்றி வளைக்கப்பட்டது. அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் சண்டைக்கு நடுவே வெடித்துச் சிதற, படை நிலைகுலைந்தது. வெடிக்க வைத்தது ரொக்கெட்டா பீரங்கிக் குண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1799 ஏப்ரல் 5 இரவு நடந்தது இன்னும் தெளிவானது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்கப் போன கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆட்கள், இருட்டில் ரொக்கெட்டும் துப்பாக்கிக் குண்டும் பாய்ந்துவர, வழி தவறிக் கலைந்து ஓடினார்கள். பின்னாளில் நெப்போலியனை வென்றவர் இதே வெல்லெஸ்லிதான்.

விடிந்ததும் கூடுதல் படையோடு வந்து அதே தோப்பை அவர் பிடித்துவிட்டார். இந்த ஆயுதத்தின் பலவீனம் அதில் தெரிகிறது. குச்சி குழாயின் ஒரு பக்கத்தில் கட்டப்பட்டிருந்ததால் உந்துவிசை ரொக்கெட்டின் எடைமையத்தின் வழியே நேராகச் செல்லவில்லை. காற்றும் சேர்ந்தால் அது எங்கே விழும் என்று ஏவியவருக்கே தெரியாது. நெருங்கி நின்ற படையையும் மிரளும் குதிரையையும் கலைக்க அது போதும், குறிபார்த்து அடிக்கப் போதாது. மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்தது.

மைசூர் ரொக்கெட்டுகள் வூல்விச்சுக்குப் போயின. ஆங்கிலேயரான வில்லியம் கொங்கிரீவ் 1804 வாக்கில் இலண்டன் கடை வாணங்களை வாங்கிச் சோதனையைத் தொடங்கி, விரைவிலேயே இரும்புக் குழாய்க்கு மாறினார். அவருடைய 32 இறாத்தல் ரொக்கெட் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் போனது. 1806இல் பிரான்சின் பூலோன் துறைமுக நகரமும், மறு ஆண்டு கொப்பன்ஹேகன் நகரமும் அதனால் தீப்பற்றின. பக்கக்குச்சியின் கோளாறு அவரையும் விடவில்லை. 1815 வாக்கில்தான் குச்சியை அடித்தட்டின் நடுவில் பொருத்தி, சுற்றிலும் துளைகள் வைத்தார். குச்சியே இல்லாமல், வெளியேறும் வாயுவைச் சாய்வாகத் திருப்பி ரொக்கெட்டைச் சுழலவிட்டு நேராகப் பறக்கச் செய்தவர் வில்லியம் ஹேல். அவர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1844இல்.