தந்தையின் வயது ஏறினால் ஏன் புதிய மாற்றங்கள் கூடுகின்றன?

பெற்றோர் இருவரிடமும் இல்லாத சில மரபணு எழுத்துப் பிழைகளோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. 2012-ல் ஐஸ்லாந்தில் 78 குழந்தைகளின் டி.என்.ஏ.வைப் பெற்றோருடையதோடு ஒப்பிட்டார்கள். 20 வயதுத் தந்தையிடமிருந்து சுமார் 25 புதிய மாற்றங்கள் வந்தன. 40 வயதுத் தந்தையிடமிருந்து சுமார் 65. தாயிடமிருந்து வந்தவை ஏறக்குறைய 15 மட்டுமே.

பெண்ணின் கருமுட்டைகளுக்கான செல் பிரிதல் அவள் பிறக்கும் முன்பே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆணின் விந்தகத்தில் உள்ள மூலச் செல்களோ பருவ வயதிலிருந்து ஏறத்தாழ 16 நாளுக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிரிதலிலும் சுமார் 600 கோடி எழுத்துகளை நகலெடுக்க வேண்டும். தப்பிய பிழை அடுத்தடுத்த நகல்களிலும் தொடரும்.

நகலெடுப்பை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பதே என் கருத்து. பிரியாமல் காத்திருக்கும் கருமுட்டையிலும், தாயின் வயதோடு மாற்றங்கள் மெல்லக் கூடுவதைப் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. சரிசெய்யப்படாத டி.என்.ஏ. சேதத்துக்கும் இதில் பங்குண்டு.

குள்ளத்தன்மை தரும் அகோண்ட்ரோபிளேசியாவில் கதை இன்னும் தீவிரமானது. அதற்குக் காரணமான ஒற்றை எழுத்து மாற்றம் ஏற்பட்ட மூலச் செல், விந்தகத்தில் மற்றவற்றை முந்திப் பெருகுகிறது. அதனால் வயதோடு இந்த ஆபத்து வேகமாக ஏறுகிறது. ஆனாலும் அது அரிய நோய்தான். பெரும்பாலான புதிய மாற்றங்கள் தீங்கற்ற இடங்களில்தான் விழுகின்றன. நாற்பதைக் கடந்த தந்தையரின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள்.