கடல் கடக்கும் முறுக்கும் ஊறுகாயும்

வெளிநாட்டுக்குப் பலகாரம் அனுப்பும்போது கூரியர் நிறுவனங்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் கணக்கிடுகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பெரும்பாலும் கட்டணம்.

மதுரையிலிருந்து அமெரிக்காவுக்கு முறுக்கு, மாங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் சேர்த்து 5 கிலோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். 40க்கு 30க்கு 30 பெட்டியில் போட்டால் கன எடை 7.2 கிலோ. உயரத்தை 20 ஆகக் குறைத்தால் 4.8 கிலோதான், 5 கிலோவுக்கான பணம் போதும். இடத்தை அடைப்பது முறுக்குதான். அதற்காக அதை வாக்குவம் பேக்கிங் செய்தால் நொறுங்கித் தூளாகிவிடும். நன்றாக ஆறவைத்து, உறையில் கொஞ்சம் காற்று விட்டு ஒட்டி, இடைவெளிகளில் பொடிப் பொட்டலங்களைச் செருகுவதே நல்லது. சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்து நமுத்துப்போகும். வாக்குவம் பொடிகளுக்கு ஏற்றது.

ஊறுகாயின் தொல்லை எண்ணெய். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து, எண்ணெயை மூடி வழியே தள்ளும். அதனால் மிதக்கும் எண்ணெயை வடித்துவிட்டு, கெட்டியான உறையில் காற்றை அழுத்தி எடுத்து ஒட்டுவார்கள். உறையின் வாயில் எண்ணெய் பட்டால் எவ்வளவு சூடு வைத்தாலும் ஒட்டாது. வாயை வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டு நிரப்பி, பிறகு நிமிர்த்தி ஒட்ட வேண்டும். மேலே இன்னொரு உறை போட்டு, செய்தித்தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் கசிவு காட்டிக்கொடுத்துவிடும். உறை உப்பியிருந்தால் ஊறுகாய் புளிக்கிறது என்று பொருள், அதை அனுப்பக்கூடாது.

அடையாளச் சான்றுடன், ஒவ்வொரு பொருளின் பெயர், எடை, மதிப்பு எழுதிய ஆங்கிலப் பட்டியலும் வேண்டும். வெறுமனே 'ஸ்நாக்ஸ்' என்று எழுதினால் சுங்கத்தில் கேள்வி வரும். அமெரிக்காவுக்கு உணவு அனுப்பினால் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். தன் வீட்டில் செய்ததை ஒருவர் இன்னொருவருக்கு அன்பளிப்பாக அனுப்பினால் மட்டும் அதிலிருந்து விலக்கு. கடையில் வாங்கிய மிக்சருக்கு இந்த விலக்கு இல்லை. அதை வீட்டுப் பலகாரம் என்று எழுதுவது பொய் உறுதிமொழி.

கோழி, மட்டன் ஊறுகாய்களையும் பச்சைக் கறிவேப்பிலையையும் அமெரிக்கப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். பிரிட்டனுக்கு இறைச்சியோடு பால் பொருள்களுக்கும் தடை உண்டு. பால்கோவா அங்கே போகாது. வளைகுடாவுக்கு மசாலாப் பொடி அனுப்புவோர் அதில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள்.