டிக்கெட்டில் மேக், கையில் ஐபேட்

தொழில்நுட்ப உதவி மையத்துக்கு வரும் புகார் எடுத்தவரிடமே முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஷிப்ட் முடிந்துவிடும், அல்லது விஷயம் எல்2 எனப்படும் அடுத்த நிலைக்குப் போய்விடும். அப்போது முதல் ஏஜென்ட் டிக்கெட்டுக்குள் எழுதிவைக்கும் ஐந்தாறு வரிகள்தான் ஹேண்டோவர் நோட். வாடிக்கையாளரின் திரையில் அது தெரியாது. அடுத்து உட்காருபவர் அதை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவார். வாடிக்கையாளர் கையில் இருப்பது என்ன கருவி, இதுவரை என்னென்ன செய்து பார்த்தாயிற்று ஆகிய இரண்டும் அதில் இருந்தாக வேண்டும். இரண்டிலும் பிழை ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறது: ஊகித்ததைக் கண்டதுபோல எழுதிவிடுவது.

ஏஜென்ட் கருவியை நேரில் பார்ப்பதில்லை. அவருக்குக் கிடைப்பவை இரண்டு சாட்சியங்கள். ஒன்று வாடிக்கையாளர் சொல்வது. மற்றது, சாட் பெட்டி திறக்கும்போதே டிக்கெட்டின் ஓரத்தில் தானாக வந்து விழும் கருவி விவரம். இந்த இரண்டாவதைத்தான் பலரும் கேள்வி கேட்காமல் நம்புகிறார்கள். இயந்திரம் சொல்வதாயிற்றே! ஆனால் அது பெரும்பாலும் பிரவுசர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு வரியிலிருந்து எடுக்கப்படுகிறது. யூசர் ஏஜென்ட் என்று அதற்குப் பெயர். இப்படி இருக்கும்:

```
Mozilla/5.0 (Macintosh; Intel Mac OS X 10_15_7)
AppleWebKit/605.1.15 (KHTML, like Gecko)
Version/17.4 Safari/605.1.15
```

இதைப் படிக்கும் டிக்கெட் மென்பொருள் ‘மேக், மேக்ஓஎஸ் 10.15.7, சஃபாரி 17.4’ என்று பிரித்துப் போடும். மூன்றில் நம்பத்தக்கது கடைசி ஒன்றுதான். மேக்ஓஎஸ் 11, 12 என்று பதிப்புகள் ஏறிய பிறகும், பழைய தளங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக அந்த 10_15_7 அப்படியே நிறுத்திவைக்கப்பட்டது. ஆப்பிளின் சொந்தச் சிப் பொருத்திய மேக்கிலும் ‘இன்டெல்’ என்றே வரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மேக் என்பதே பொய்யாக இருக்கலாம். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் பெரும்பாலான ஐபேட்களில் சஃபாரி, கணினிக்கான பெரிய பக்கங்களைக் கேட்டு வாங்குவதற்காகத் தன்னை மேக் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. விண்டோஸ் பக்கமும் இதே கதைதான்: விண்டோஸ் 11 கணினியும் அந்த வரியில் `Windows NT 10.0` என்றே சொல்லும்.

இந்த ஒரு புள்ளியிலிருந்து ஒரு நோட் எவ்வளவு தூரம் தடம் மாறும் என்பதற்கு ஒரு மாதிரி வழக்கு. இணையவழி வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்தின் சாட்டுக்கு வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். வகுப்பில் சேர ஒரு செயலி வேண்டும். தளத்தில் பொத்தானை அழுத்தினால் ஏதோ இறங்குகிறது, ஆனால் திறக்கவில்லை. மாலை ஷிப்ட் ஏஜென்ட் முக்கால் மணி நேரம் முயன்றுவிட்டு இப்படி எழுதிவைத்துப் போகிறார்:

> கருவி: மேக், 10.15.7. இன்ஸ்டாலர் கிளிக் செய்தால் ஓப்பன் ஆகவில்லை. மூன்று முறை டவுன்லோட் செய்தாயிற்று. ரீஸ்டார்ட் செய்தாயிற்று. Privacy & Security-இல் Open Anyway வரவில்லை. செக்யூரிட்டி பிளாக் போலத் தெரிகிறது. எல்2 பார்க்கவும்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒழுங்கான நோட். இரவு ஷிப்டில் இதைப் படிப்பவர் என்ன செய்வார்? மேக்கில் அறிமுகமில்லாத செயலிகளைத் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் குடைய ஆரம்பிப்பார். 10.15.7 பழைய பதிப்பாயிற்றே, அப்டேட் செய்யச் சொல்லலாமா என்றும் யோசிப்பார். இரண்டும் வீண். வாடிக்கையாளர் மடியில் இருப்பது விசைப்பலகை உறை மாட்டிய ஐபேட். தளமும் அதே யூசர் ஏஜென்ட் வரியை நம்பி, மேக்குக்கான `.dmg` கோப்பை அனுப்பியிருக்கிறது. ஐபேடில் அது முப்பது முறை இறங்கினாலும் செயலியாக நிறுவப்படாது.

இதில் விசேஷம், தவறான ஊகத்துக்கு நடுவழியில் ஒரு போலி உறுதியும் கிடைத்துவிட்டது. `Privacy & Security` என்ற பகுதி மேக்கிலும் உண்டு, புதிய ஐபேடிலும் உண்டு. “அங்கே போனீர்களா?” என்று ஏஜென்ட் கேட்டார். வாடிக்கையாளர் போனார், அந்தத் தலைப்பைக் கண்டார், “இருக்கிறது” என்றார். மேக்தான் என்பது ஏஜென்டின் மனத்தில் உறுதியாயிற்று. மேக்கில் அதே பகுதியின் அடியில் வர வேண்டிய `Open Anyway` பொத்தான் ஐபேடில் வரவே வராது. அதன் இல்லாமையைக் கருவியைச் சந்தேகிக்க ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாமல், புதிய கோளாறு என்று எழுதிவிட்டார்.

சாட் பதிவைத் திரும்பப் படித்தால் சரியான தடயம் அங்கேயே கிடக்கிறது. வாடிக்கையாளர் எழுதியது: “தொட்டால் பேரும் சைஸும் மட்டும் காட்டுது, வேற ஒண்ணும் வரல.” நோட்டில் அது ‘கிளிக் செய்தால் ஓப்பன் ஆகவில்லை’ என்று மாறியிருக்கிறது. மேக்கின் திரை தொடுதிரை அல்ல. ‘தொட்டால்’ என்ற அந்த ஒரு சொல்லை அப்படியே எடுத்து எழுதியிருந்தால், அடுத்தவர் அங்கேயே நின்றிருப்பார். வாடிக்கையாளரின் பேச்சை அலுவலக மொழிக்கு மாற்றுவது நோட் எழுதுபவர்களுக்குக் கைவந்த பழக்கம். கோளாற்றைப் பற்றிய வாக்கியத்தில் மட்டுமாவது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

கருவி பற்றிய வரியில் எங்கிருந்து தெரியவந்தது என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். ‘மேக்’ என்று எழுதுவதற்கும் ‘டிக்கெட் ஓரத்தில் மேக் என்று காட்டுகிறது, வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதி செய்யவில்லை’ என்று எழுதுவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. முதலாவது வாசலை அடைக்கிறது. இரண்டாவது அடுத்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியையே எடுத்துக் கொடுக்கிறது. உறுதி செய்வதும் ஒரு நிமிட வேலைதான். திரையின் இடது மேல் மூலையில் ஆப்பிள் சின்னம் இருந்து, அதை அழுத்தினால் `About This Mac` வந்தால் அது மேக். `Settings` திறந்து `General`, `About` என்று போய் `Model Name` எதிரே ஐபேட் என்று இருந்தால் ஐபேட். “உங்களிடம் இருப்பது மேக் தானே?” என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆப்பிள் பொருள் எல்லாவற்றையும் மேக் என்று அழைக்கும் வாடிக்கையாளர் ஆமாம் என்றுதான் சொல்வார். தளத்தின் தொழில்நுட்பக் குழுவுக்கு இன்னொரு வழி உண்டு: பிரவுசரில் `navigator.maxTouchPoints` என்ற மதிப்பு மேக்கில் 0, ஐபேடில் 5. ஆனால் சாட்டில் இருக்கும் ஏஜென்டுக்கு அது பெரும்பாலும் எட்டாது.

டிக்கெட் ஓரத்து விவரம் உண்மையாகவே இருந்தாலும்கூட அது சாட்டுக்குப் பயன்படுத்திய கருவியின் விவரம் மட்டுமே. மடிக்கணினி வேலை செய்யாதவர் கைபேசியிலிருந்துதானே உதவி கேட்பார்? டிவியில் படம் வரவில்லை என்று புகார் சொல்பவரும் அப்படியே. ஆகவே பேசும் கருவி எது, பழுதான கருவி எது என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுதுவது பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

செய்து பார்த்தவற்றுக்கு வருவோம். மாலை நோட்டில் உள்ள ‘ரீஸ்டார்ட் செய்தாயிற்று’ என்பது பாதி உண்மை. ஏஜென்ட் செய்யச் சொன்னார், வாடிக்கையாளர் “செஞ்சிட்டேன்” என்றார். அவர் செய்தது மேல் பொத்தானை ஒருமுறை அழுத்தித் திரையை அணைத்து, மீண்டும் அழுத்தியது. அது ரீஸ்டார்ட் அல்ல, திரை உறங்கி எழுந்தது. கண்டுபிடிப்பது எளிது: ஐபேட் உண்மையிலேயே அணைந்து எழுந்தால், முகமோ விரல்ரேகையோ பதிவாகியிருந்தாலும் முதல் தடவை கடவு எண்ணைத் தட்டச் சொல்லும். “மறுபடி வந்ததும் நம்பர் கேட்டதா?” என்ற ஒரு கேள்வி போதும். அதனால் ஒவ்வொரு முயற்சிக்கும் நேரே, செய்யச் சொன்னது எது, செய்ததாக அவர் சொன்னது எது, நடந்ததற்குக் கண்ட அடையாளம் என்ன என்பது பிரிந்து தெரிய வேண்டும். ஸ்கிரீன்ஷாட் வந்திருந்தால் அது வலுவான அடையாளம். வாய்ச்சொல் மட்டும் என்றால் வாய்ச்சொல் என்றே எழுதலாம். அதில் வாடிக்கையாளரை நம்பாத தொனி வரத் தேவையில்லை.

மாலை நோட்டில் விடுபட்ட இன்னொன்று, மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காதது. இந்த வழக்கில் ஏஜென்ட் சந்தேகத்தின் பேரில் விபிஎன்-ஐ அணைக்கச் சொன்னார். பலன் இல்லை. திரும்பப் போடச் சொல்லவும் மறந்தார். பலனளிக்காத முயற்சியை எழுதாமல் விடுவது இயல்பு. ஆனால் அது கருவியின் நிலையை மாற்றியிருந்தால் அடுத்தவர் பார்ப்பது வாடிக்கையாளர் முதலில் வந்தபோது இருந்த கருவியை அல்ல. நாளை அலுவலக மின்னஞ்சல் திறக்கவில்லை என்று அவரே இன்னொரு புகாருடன் வருவதற்கும் அது காரணமாகலாம்.

அதே மாலை, அதே விவரங்களை வைத்தே, நோட்டை இப்படி எழுதியிருக்க முடியும்:

> கருவி: டிக்கெட் ஓரத்தில் மேக் / சஃபாரி 17.4. உறுதி செய்யவில்லை. பழுதும் இதே கருவியில்தான் என்கிறார். அவர் சொன்னது: “தொட்டால் பேரும் சைஸும் மட்டும் காட்டுது.” கோப்பு `.dmg`, 3 முறை இறக்கினார், ஸ்கிரீன்ஷாட் உள்ளது. ரீஸ்டார்ட்: செய்ததாகச் சொன்னார். Privacy & Security திறந்தது என்றார், Open Anyway இல்லை என்றார். விபிஎன் அணைத்தோம், இன்னும் அணைந்தே உள்ளது. என் ஊகம்: செக்யூரிட்டி பிளாக். சோதிக்கவில்லை.

எழுதியவரின் ஊகம் இதிலும் தவறுதான். ஆனால் அது ஊகம் என்ற பெயரோடு கடைசியில் நிற்கிறது. அதைத் தாண்டி யோசிக்க வேண்டிய பொருள் மேலே கிடக்கிறது. ‘தொட்டால்’, `.dmg`, ‘உறுதி செய்யவில்லை’ ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும். நீளம் முன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனினும் எழுத இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகுமே தவிர, அதற்கு மேல் ஆகாது.

எதை எழுதக் கூடாது என்பதும் உண்டு. கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண் ஆகியவை வாடிக்கையாளரே சாட்டில் கொட்டியிருந்தாலும் நோட்டுக்குள் நகல் எடுக்கக் கூடாது. ‘விவரம் தெரியாதவர்’, ‘எரிச்சல் பார்ட்டி’ போன்ற பட்டங்களும் வேண்டாம். அடுத்தவரின் காதை அவை முன்கூட்டியே அடைத்துவிடும். மேலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டத்தின் கீழ் ஒருவர் தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்கலாம். உள்நோட் என்பதால் மட்டும் அது அந்த உரிமைக்கு வெளியே போய்விடாது.

இரவு ஷிப்டில் வேலை முடியும் விதம் மிகச் சாதாரணமானது. `Model Name` என்ன என்று கேட்டதும் ஐபேட் என்று தெரிகிறது. இறங்கிய மூன்று கோப்புகளையும் அழித்துவிட்டு, ஆப் ஸ்டோரில் அதே செயலியைத் தேடி நிறுவச் சொல்கிறார் ஏஜென்ட். வகுப்பு திறக்கிறது. விபிஎன் மீண்டும் போடப்படுகிறது. டிக்கெட்டை மூடுமுன் கருவிக் கட்டத்தில் உள்ள ‘மேக்’ என்பதைத் திருத்தி, ஐபேட் சஃபாரிக்கு மேக் கோப்பு போகிறது என்று தளக் குழுவுக்குத் தனியே ஒரு டிக்கெட் போடுகிறார்.