பொட்டலத்தைக் கணினி சரியாகப் படித்ததா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஜெஞ்சாரோமில் உள்ள ஒரு மளிகைக் கடைக்காரர் தம்மிடமுள்ள 200 பொருள்களை இணையச் சந்தையில் ஏற்ற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், எடை, ஊட்டச்சத்து அளவு என ஒவ்வொரு பொருளுக்கும் பல கட்டங்களை நிரப்ப வேண்டும். பொட்டலத்தைப் படம் பிடித்தால், எழுத்துணரி என்னும் மென்பொருள் அதிலுள்ள எழுத்துகளைப் படித்து அந்தக் கட்டங்களை நிரப்பித் தரும்.

அது முதலில் படத்தில் எழுத்துள்ள வரிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு வரியையும் எழுத்தாக மாற்றுகிறது. பிறகு 'லெமாக்' (கொழுப்பு) என்ற மலாய்ச் சொல்லைத் தேடி, அதே வரியில் உள்ள எண்ணைக் கொழுப்புக்கான கட்டத்தில் இடுகிறது. பளபளக்கும் உறையில் விளக்கொளி பட்டால் ஒரு புள்ளி மறைந்துபோகும். 18.3 என்பது 183 ஆகிவிடும். கணினிக்கு இரண்டுமே எண்கள்தான்.

இந்தப் பிழையைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கிலோகலோரி தரும்; ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். ஒரு பிஸ்கட் பொட்டலத்தில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 68, புரதம் 7.5, கொழுப்பு 18.3 கிராம், ஆற்றல் 467 கிலோகலோரி என்று அச்சாகியிருக்கிறது எனக் கொள்வோம். 272, 30, 164.7 ஆகியவற்றைக் கூட்டினால் 466.7 வரும், கணக்குப் பொருந்துகிறது. கொழுப்பை 183 என்று படித்திருந்தால் 1,949 வந்திருக்கும். 100 கிராம் பிஸ்கட்டில் 183 கிராம் கொழுப்பு இருக்கவும் முடியாது.

ஆனால், இக்கணக்குக்குத் தப்பும் பிழையும் உண்டு. பல பொட்டலங்களில் 100 கிராமுக்கு ஒரு பத்தி, ஒருமுறை உண்ணும் அளவுக்கு இன்னொரு பத்தி என இரண்டு இருக்கும். உண்ணும் அளவு 25 கிராம் என்றால் அங்கே 17, 1.9, 4.6 கிராம், 117 கிலோகலோரி என்றிருக்கும். எழுத்துணரி இப்பத்தியை 100 கிராமுக்கு உரியதாக எடுத்துக்கொண்டாலும் ஆற்றல் கணக்குச் சரியாகவே வரும். மூன்று சத்துகளின் எடையைக் கூட்டினால்தான் குட்டு வெளிப்படும். முதல் பத்தியில் 93.8 கிராம், இதிலோ 23.5 மட்டுமே. உலர்ந்த பிஸ்கட்டில் மீதி 76.5 கிராம் வேறு என்னவாக இருக்க முடியும்?

68 என்பதை 66 என்று படித்தால் வித்தியாசம் 8 கிலோகலோரிதான். அச்சிடும்போது எண்களை முழுமையாக்குவதாலும் நார்ச்சத்தாலும் இந்த அளவு வேறுபாடு வரக்கூடும் என்பதால், கணக்கு இதைக் காட்டிக்கொடுக்காது.

பிரான்சில் 2012-இல் தொடங்கிய 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' என்னும் திறந்த உணவுத் தரவுத்தளமும் தன்னார்வலர்கள் அனுப்பும் பொட்டலப் படங்களிலிருந்து இப்படித்தான் எழுத்துகளை எடுக்கிறது. அங்கே கணினி முன்வைக்கும் பல விவரங்களை மனிதர்கள் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்கிறார்கள். கடைக்காரரும் கணக்கு இடித்த பொருள்களை முதலில் பார்க்கலாம். ஒவ்வாமை தரும் பொருள்களின் பட்டியலுக்கு மட்டும் இத்தகைய கணக்கே கிடையாது. அதை எல்லாப் பொட்டலத்திலும் கண்ணால் படித்தே ஆகவேண்டும்.