நான்கு பேர் எழுதினாலும் ஒரே குரல்

மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அதன் இணையதளத்துக்கு நான்கு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் கட்டுரை எழுதித் தருகிறார்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவதைப் பற்றி ஒருவர், "எண்ணெய் உறைஞ்சு போச்சா? நோ டென்ஷன் மக்களே!" என்கிறார். இன்னொருவர், "குறைந்த வெப்பநிலையில் தேங்காய் எண்ணெய் திண்மநிலையை அடைகின்றது" என்கிறார். மூன்றாமவரோ, "உறைவதே எங்கள் எண்ணெயின் தூய்மைக்குச் சான்று!" என்று முழங்குகிறார். அது உண்மையும் அல்ல. சுத்திகரித்த தேங்காய் எண்ணெயும் உறையத்தான் செய்கிறது.

இதைச் சரிசெய்ய முதலாளி வழக்கமாகச் செய்வது, "நட்பாக, எளிமையாக, நம்பகமாக எழுதுங்கள்" என்று ஒரு குறிப்பு அனுப்புவது. அதனால் எதுவும் மாறாது. "மக்களே" என்று எழுதியவர் தான் நட்பாகத்தான் எழுதியிருப்பதாக நினைக்கிறார். சான்று பேசியவர் தன் வரியை நம்பகமானது என்றே கருதுகிறார். பண்புச்சொல்லை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்ளலாம். எதிரில் வைத்துக் காட்டிய வாக்கியத்தை அப்படிப் புரிந்துகொள்வது கடினம்.

ஆகவே பிராண்ட் குரல் கையேட்டை ஏற்கெனவே வெளியான கட்டுரைகளிலிருந்து தொடங்க வேண்டும். பத்துக் கட்டுரைகளை அச்செடுத்து, முதலாளியையும் கடையில் வாடிக்கையாளரிடம் தினமும் பேசுபவரையும் உட்கார வையுங்கள். "இது நாம் பேசுவதுபோல் இருக்கிறது", "இது நாம் இல்லை" என்று இரண்டு நிறங்களில் கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேளுங்கள். கையேட்டின் விதிகள் அந்தக் காரணங்களிலிருந்துதான் வருகின்றன.

நம் கடையில் முடிவான வடிவம் இப்படி இருக்கலாம்: "தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவது இயல்பு. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வையுங்கள், இளகிவிடும்." இதில் ஆச்சரியக்குறி இல்லை, தற்புகழ்ச்சியும் இல்லை. முதலில் வாசகரின் கவலை தீர்கிறது, பிறகு காரணம், கடைசியில் செய்யவேண்டியது. இந்த வரிசையே ஒரு விதி. கையேட்டில் இதை எழுதி, ஒதுக்கிய மூன்று வாக்கியங்களையும் ஏற்றதையும் அருகருகே வைக்க வேண்டும். இப்படிப்பட்ட ஏழெட்டு ஜோடிகள் போதும்.

தமிழில் எழுதும்போது இன்னும் சில முடிவுகளைத் தள்ளிப்போட முடியாது. பேச்சு நடையா, எழுத்து நடையா? "செய்கிறது" என்பதா, "செய்கின்றது" என்பதா? மிக முக்கியமாக, "நாங்கள்" எங்கே, "நாம்" எங்கே? "நாம் ஆட்டும் எண்ணெய்" என்றால் வாசகரையும் செக்கடிக்கு இழுத்து நிறுத்துகிறோம். அங்கே "நாங்கள்" வேண்டும். "நாம் சமையலில் பயன்படுத்தும் எண்ணெய்" என்றால் அவரும் நம்மோடு சேர்ந்துகொள்கிறார். ஒரே கட்டுரையில் இவை குழம்பினால் குரல் தடுமாறும். இவற்றோடு ஒரு பக்கச் சொற்பட்டியலும் தேவை. கடலை எண்ணெயா, நிலக்கடலை எண்ணெயா என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால், நான்கு பேரும் தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

சொல்லக் கூடாதவற்றுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரப்படுத்துவதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. "சர்க்கரை நோயை விரட்டும்" என்ற வரி நடைக் கோளாறு மட்டுமல்ல, சட்டச் சிக்கலும்கூட. புதிதாக வரும் எழுத்தாளருக்கு இது தெரிந்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

குரல் ஒன்றுதான், ஆனால் தொனி இடத்துக்கு ஏற்ப மாறும். அமெரிக்காவின் மெயில்சிம்ப் நிறுவனம் பொதுவில் வெளியிட்ட கையேடு இந்த வேறுபாட்டை நன்றாக விளக்குகிறது. தீபாவளிப் பலகாரக் கட்டுரையில் உற்சாகம் இருக்கலாம். பாட்டில் கசிந்ததற்கு வருத்தம் தெரிவிக்கும் பதிவில் அது கூடாது. இரண்டு சூழலுக்கும் ஒவ்வொரு மாதிரிப் பத்தி கொடுத்துவிட்டால் எழுத்தாளர் தடுமாற மாட்டார்.

கையேடு வேலை செய்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே குறிப்பை நால்வருக்கும் கொடுத்து ஆளுக்கு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, அவர்கள் எழுத்தைப் பழகியவரிடம் காட்டுங்கள். யார் எழுதியது என்று அவர் சட்டென்று சொல்லிவிட்டால், எந்த வார்த்தையால் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். கையேட்டில் விடுபட்ட விதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒருவர் தேர்ந்தெடுக்கும் உதாரணமோ கவனிக்கும் நுட்பமோ அவரைக் காட்டிக்கொடுத்தால் விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் தருகிறோம்.

கையேடு நான்கைந்து பக்கத்தைத் தாண்டினால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதைத் திருத்தும் உரிமை ஒரே ஆசிரியரிடம் இருக்கட்டும். ஒரே திருத்தத்தை அவர் மூன்றாவது முறை செய்ய நேர்ந்தால், எழுத்தாளரைக் கடிந்துகொள்ளாமல் அந்தத் திருத்தத்தைக் கையேட்டில் சேர்க்கட்டும்.