தேடியதை மட்டும் சொல்லும் சோதனை

கருப்பையில் வைப்பதற்கு முன்பே கருவின் மரபணுவைச் சோதித்துவிடலாம் என்றதும், "அப்படியானால் குறையே இல்லாத குழந்தை பிறக்குமா?" என்று கேட்கிறார்கள். பிறக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. பி.ஜி.டி. எனப்படும் இந்தச் சோதனை, என்ன தேடச் சொல்கிறோமோ அதை மட்டும்தான் தேடும். தேடுவதற்குத் திட்டமான ஒரு பிழை இருக்கிற குடும்பத்துக்குத்தான் அதனால் பெரிய பயன்.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் எந்த நோயும் இல்லை. மனைவிக்கு மட்டும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் தீராத லேசான இரத்தச்சோகை. முதல் குழந்தை ஆறேழு மாதத்தில் வெளிறிப்போய், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றினால்தான் தாக்குப்பிடிக்கும் என்ற நிலைக்கு வருகிறது. பிறகுதான் தெரிகிறது: இருவரிடமும் பீட்டா தாலசீமியாவுக்கான பிழையான மரபணு ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் கடும் தாலசீமியா. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

இவர்கள் பி.ஜி.டி.க்குப் போனால் முதல் வேலை கருமுட்டை எடுப்பதல்ல; இரத்தம் கொடுப்பது. கணவனிடம் எந்தப் பிழை, மனைவியிடம் எந்தப் பிழை என்று தனித்தனியே கண்டறிய வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் இரத்தமும் வேண்டும். பிழையான மரபணுவுக்குப் பக்கத்தில் கூடவே வரும் அடையாளங்களை அதைக் கொண்டுதான் குறித்துக்கொள்வார்கள். இந்த முன்தயாரிப்புக்கே சில வாரங்கள் ஆகிவிடும்.

பிறகு ஊசி மருந்து, கருமுட்டை எடுத்தல். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு விந்தணுக்களின் டி.என்.ஏ. முடிவைக் குழப்பிவிடக் கூடாதே. ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் கரு நூறு, இருநூறு செல்கள் கொண்ட உருண்டையாகிறது. அதன் வெளிச்சுவரிலிருந்து, அதாவது பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகும் பகுதியிலிருந்து, ஐந்து முதல் பத்து செல்களை லேசர் உதவியோடு எடுத்துவிட்டுக் கருவை உறைய வைப்பார்கள். குழந்தையாகப் போகும் உள்பகுதியைத் தொடுவதில்லை.

கணக்கு இங்கேதான் சுருங்குகிறது. பன்னிரண்டு முட்டை கிடைத்தது என்றால் எட்டு கருவாகலாம். ஐந்தாம் நாள்வரை தாக்குப்பிடிப்பவை நான்கு இருக்கலாம். அந்த நான்கில் ஒன்று நோயுள்ளது, இரண்டு பெற்றோரைப் போலவே பிழையைச் சுமப்பவை, ஒன்று பிழையற்றது என்பது சராசரிக் கணக்கு. சுமக்கும் கருவையும் கருப்பையில் வைக்கலாம். அந்தக் குழந்தைக்கு நோய் வராது. ஆனால் நிஜத்தில் ஒன்று "முடிவு தெரியவில்லை" என்று வரலாம், இன்னொன்று உருகும்போது வீணாகலாம். நல்ல கருவே ஆனாலும் ஒட்டாமல் போகலாம்.

தவறு நேரும் இடமும் உண்டு. சில செல்களின் டி.என்.ஏ.வை லட்சக்கணக்கில் பெருக்கித்தான் படிக்கிறார்கள். அப்படிப் பெருக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒன்று விடுபட்டுவிடுவதுண்டு. விடுபட்டது தந்தையின் பிழையான பிரதியாக இருந்தால், நோயுள்ள கரு வெறும் சுமப்பவராகத் தோன்றும். பக்கத்து அடையாளங்களையும் சேர்த்துப் பார்ப்பது இந்த ஏமாற்றத்தைப் பிடிக்கத்தான். அப்படியும் பிழை முற்றாக ஒழிவதில்லை. அதனால் கருத்தரித்த பிறகு 11 முதல் 13 வாரங்களில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து உறுதிசெய்யச் சொல்கிறார்கள்.

இதே பெயரில் இன்னொரு சோதனையும் விற்கப்படுகிறது: குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்ப்பது. வயது கூடக்கூட எண்ணிக்கைப் பிழை கூடும் என்பது உண்மை. ஆனால் சோதித்தால் எல்லோருக்கும் வெற்றி கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சீனாவில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில், கரு நன்றாக வளர்ந்த பெண்களில் சோதனை செய்தவர்களுக்கு 77.2 சதவீதமும், செய்யாதவர்களுக்கு 81.8 சதவீதமும் குழந்தை பிறந்தது. வெளிச்சுவரின் சில செல்கள் மொத்தக் கருவின் நிலையைச் சொல்லாமலும் போகலாம். கலப்புச் செல்கள் உள்ளதாக முடிவு வந்த கருக்களிலிருந்து ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததும் உண்டு. வழக்கமான ஐ.வி.எஃப்.புக்குப் போகிறவர்களிடம் இதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால், "எனக்கு எதற்கு?" என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்க இந்தியாவில் இதைப் பயன்படுத்துவது குற்றம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை நோய்களுக்கு மட்டுமே கருவைச் சோதிக்கலாம்.

நம் தம்பதிக்கு வேறு வழியும் உண்டு. இயற்கையாகக் கருத்தரித்து, பதினோராம் வாரத்தில் திசுவைச் சோதிக்கலாம். நான்கில் மூன்று தடவை முடிவு நல்லதாகவே இருக்கும், செலவும் மிகக் குறைவு. ஆனால் ஏற்கெனவே ஒரு கர்ப்பத்தைக் கலைத்துவிட்டு, மறுபடியும் அந்த முடிவுக்காகக் காத்திருக்க மனம் வராதவர்களும், கருத்தரிக்க எப்படியும் ஐ.வி.எஃப். தேவைப்படுகிறவர்களும் பி.ஜி.டி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.