ஒரு ரூபாய் இட்லி ஊர் ஊராகப் போன கதை

மணலியில் சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கேன்டீன் வசதி எல்லோருக்கும் கிடைத்துவிடாது. லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், வடமாநிலத்திலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள் ஆகியோருக்கும் வீட்டுச் சாப்பாடு கிடையாது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதிக்கு, மற்ற வார்டுகளைப் போலவே அம்மா உணவகமும் வந்தது. அந்த உணவகத்தின் வரலாறு, ஓர் அரசு இன்னொரு அரசைப் பார்த்துத் திட்டம் போடுவது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நல்ல வழி. பன்னிரண்டு ஆண்டுகளில் குறைந்தது அரை டஜன் மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்கள் ஊரில் ஒன்று திறந்தன. சில நிலைத்தன, சில பூட்டப்பட்டுப் பெயர் மாறித் திரும்பி வந்தன.

முதலில் மூலத்தைப் பார்த்துவிடுவோம். 2013 பிப்ரவரியில் ஜெயலலிதா சென்னையில் இதைத் தொடங்கினார். இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், மதியம் சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. பிறகு இரவுக்கு இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய். அதே ஆண்டில் மற்ற மாநகராட்சிகளுக்கும் பரவியது. சென்னையில் உச்சத்தில் வார்டுக்கு இரண்டு என்ற கணக்கில் நானூறுக்கும் மேல் இருந்தன.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது விலைப் பலகைதான். ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுக்க முடிவது அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டால். அரிசியை நுகர்பொருள் வாணிபக் கழகம் மானிய விலையில் தருகிறது. இடம் மாநகராட்சியுடையது, வாடகை இல்லை. சமைத்துப் பரிமாறுகிறவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுக்கு நாள் கூலி. குழுக்கள் தமிழ்நாட்டில் 1990-களிலிருந்தே வளர்ந்து வந்ததால், வார்டுக்கு ஒரு டஜன் பேரைத் திரட்டுவது கடினமாக இல்லை. விற்ற பணத்துக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி மாநகராட்சி கஜானாவில் விழுகிறது. ரேஷன் வலைப்பின்னல், மகளிர் குழு, நஷ்டத்தைத் தாங்கும் உள்ளாட்சி ஆகிய மூன்றும் திட்டத்துக்கு முன்பே இங்கே இருந்தவை.

மற்ற மாநிலங்களிலிருந்து பார்க்க வந்தவர்களால் இந்த மூன்றையும் பெட்டியில் போட்டு எடுத்துப் போக முடியவில்லை. அதனால் ஒவ்வொருவரும் விலையை எடுத்துக்கொண்டு, பின்னணி ஏற்பாட்டைத் தங்கள் ஊரில் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள்.

ஒடிஷா 2015 ஏப்ரல் 1-இல் 'ஆஹார்' திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ரூபாய்க்குச் சோறும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த தால்மாவும். சமையல் வார்டில் நடக்கவில்லை. பெரிய மையச் சமையலறையில் நடந்து வண்டியில் வந்தது. நடத்தியது ஒரு தொண்டு அறக்கட்டளை, செலவில் ஒரு பங்கைக் கொடுத்தவை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிகள். ஹைதராபாத் மாநகராட்சியும் 2014-இல் இதே வகையில் ஒரு தொண்டு அமைப்பின் சமையலறையைத்தான் பிடித்துக்கொண்டது. பூரி கோயில் மகாபிரசாதத்தில் தால்மாவுக்கு இடம் உண்டு என்பதால், இட்லி போன இடத்தில் அது வந்தது பொருத்தம்தான். இங்கே நகல் எடுத்தவர்கள் புத்திசாலிகள்.

பெங்களூரில் நடந்தது வேறு. 2017 மார்ச் நிதிநிலை அறிக்கையில் சித்தராமையா 'நம்ம கேன்டீன்' என்று அறிவித்தார். திறக்கும்போது அது 'இந்திரா கேன்டீன்' ஆகிவிட்டது. ஆகஸ்ட் 16-இல் திறந்து வைத்த ராகுல் காந்தி பேச்சினூடே வாய் தவறி 'அம்மா கேன்டீன்' என்றே சொன்னார். எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காலை உணவு ஐந்து ரூபாய், மதியமும் இரவும் பத்து. தொகுதிக்கு ஒரு சமையலறை, அதை நடத்தத் தனியார் ஒப்பந்ததாரர். பத்து மாதத்துக்குள் சட்டமன்றத் தேர்தல் வந்தது.

தேர்தல் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் சில தேதிகள் பேசத் தொடங்கும். ஆந்திர அமைச்சர்கள் 2014-லேயே சென்னைக்கு வந்து உணவகங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாநிலம் முழுக்க 'அண்ணா கேன்டீன்' திறந்தது 2018 ஜூலையில். தேர்தல் 2019 ஏப்ரலில். ராஜஸ்தான் 2016 டிசம்பரில் அன்னபூர்ணா ரசோய் என்று வண்டிகளை ஓட விட்டது. இரண்டு ஆண்டில் அங்கே தேர்தல். மகாராஷ்டிரத்தில் பத்து ரூபாய்ச் சாப்பாடு 2019-இல் சிவசேனாவின் வாக்குறுதி, 2020 ஜனவரி 26-இல் 'சிவ போஜன்' ஆக வந்தது.

ஆய்வாளர்கள் இப்படித் திட்டங்கள் பரவுவதற்குப் பொதுவாகச் சில காரணங்களைச் சொல்வார்கள். ஒன்று கற்றல்: அங்கே பலன் தெரிந்தது, நாமும் செய்வோம் என்பது. இரண்டு போட்டி: பக்கத்து மாநிலத்தில் கொடுக்கிறார்களே என்று நம் வாக்காளர் கேட்பார் என்ற பயம். மூன்று பாவனை: ஆராயாமல், நாமும் அந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பது. நான்காவது வற்புறுத்தல்: மேலே இருப்பவர் ஆணையிடுவது. எம்.ஜி.ஆர். 1982-இல் தமிழ்நாட்டில் விரிவாக்கிய சத்துணவு நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது கடைசி வழியில்தான். 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மலிவு உணவகத்துக்கு அப்படி ஓர் உத்தரவு கிடையாது. அது பரவியதில் கற்றலும் இருந்தது, ஆனால் போட்டியின் பங்கே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு நான்கு ஆண்டு காத்திருந்து தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் திறக்கும் அவசியம் இருக்காது.

போட்டியில் எடுத்த நகலுக்கு ஓர் ஆபத்து உண்டு. அது ஒரு கட்சியின் சொத்தாகப் பிறக்கிறது. ஆந்திரத்தில் ஆட்சி மாறிய ஓரிரு மாதங்களிலேயே, 2019-இல், அண்ணா கேன்டீன்கள் மூடப்பட்டன. சந்திரபாபு நாயுடு மீண்டும் வந்து 2024 ஆகஸ்ட் 15-இல் திறந்தார். ராஜஸ்தானில் 2020-இல் காங்கிரஸ் அரசு அதை 'இந்திரா ரசோய்' ஆக்கியது. அடுத்த பாஜக அரசு 'ஸ்ரீ அன்னபூர்ணா ரசோய்' என்று பழைய பெயருக்கு அருகே கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் முகப்பேரில் ஒரு அம்மா உணவகத்தின் பலகையைச் சிலர் கிழித்தபோது, பதவியேற்கவிருந்த மு.க. ஸ்டாலின் அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார். பெயர் அப்படியே இருந்தது.

ஆனால் பெயர் பிழைத்தால் திட்டம் பிழைத்ததாக ஆகாது. பணம் எப்படிப் போகிறது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புறச் சாப்பாடு ஒன்றுக்கு அரசு ஐம்பது ரூபாய் என்று மதிப்பு வைத்தது. சாப்பிடுகிறவர் பத்து ரூபாய் கொடுப்பார், மீதி நாற்பதை அரசு நடத்துநருக்குத் தரும். ராஜஸ்தானின் இந்திரா ரசோயிலும் இதே முறைதான்: எட்டு ரூபாய் வாங்குவார்கள், தட்டுக்கு இவ்வளவு என்று அரசு சேர்த்துக் கொடுக்கும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். நடத்துநர் ஒரு நாளில் நூறு சாப்பாட்டைப் பரிமாறாமலே எழுதிவிட்டால், மகாராஷ்டிரக் கணக்கில் அரசிடமிருந்து நாலாயிரம் ரூபாய் வரும். போலித் தட்டுக்கான பத்து ரூபாயைத் தானே கட்டினாலும் மூவாயிரம் மிஞ்சும். அதனால்தான் ஒவ்வொரு தட்டுக்கும் புகைப்படம், செல்போன் எண், கூப்பன் என்று காவல் கட்ட வேண்டியிருந்தது. பெங்களூரிலும் சாப்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. பில் பாக்கி நின்றபோது ஒப்பந்ததாரர் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றதும் அங்கே நடந்தது.

சென்னை முறையில் இந்தக் கள்ளக் கணக்குக்கு இடம் குறைவு. சமைக்கிறவருக்கு நாள் கூலி; தட்டு கூடினால் அவருக்கு லாபம் இல்லை. ஆனால் இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு நோய் உண்டு. விற்கிற ஒவ்வொரு இட்லியும் மாநகராட்சியின் நஷ்டத்தைக் கூட்டுகிறது. உளுந்து, எண்ணெய், எரிவாயு எல்லாம் ஏறிவிட்டன; இட்லியின் விலை 2013-இல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அப்படியானால் கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு, கூட்டம் குறைவது நல்ல செய்தி. யாரும் மூடச் சொல்ல வேண்டாம். மாவு அரைக்கும் இயந்திரம் பழுதானால் உடனே சரிசெய்யாமல் விடலாம். சப்பாத்தி நின்றுபோகலாம். சாம்பார் நீர்த்துப் போகலாம். சுவை போனால் தொழிலாளி நாற்பது ரூபாய் கொடுத்துத் தள்ளுவண்டியில் சாப்பிடுவார். விற்பனைக் குறைவு, உணவகத்தை மூடுவதற்கே காரணமாகக் காட்டப்படும். 407 என்று இருந்த எண்ணிக்கை நானூறுக்குக் கீழே வந்தது இப்படித்தான். 2024 ஜூலையில் முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் தேனாம்பேட்டையில் ஓர் உணவகத்தைப் பார்வையிட்ட பிறகு, புதுப் பாத்திரங்களுக்கும் பராமரிப்புக்குமாக 21 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பதினோரு ஆண்டு ஓடிய அடுப்புக்கும் கிரைண்டருக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

ஆக, தட்டுக்குப் பணம் கொடுத்தால் எண்ணிக்கை வீங்கும். நஷ்டத்தை உள்ளாட்சி ஏற்றால் எண்ணிக்கை மெலியும். இரண்டு முறைக்கும் கண்காணிப்பு எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும். முதல் முறையில் அதிகமாகக் காட்டுவதைப் பிடிக்க வேண்டும், இரண்டாவதில் குறைந்துபோவதைக் கவனிக்க வேண்டும். சென்னைக்கு வந்து இட்லி சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போன குழுவுக்கு இந்த இரண்டாவது நோய் தெரிந்திருக்காது. அது தெரிவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். பார்வையிடும் பயணமோ ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னைக்கு முன்பே ஒரு பாடம் இருந்தது. மகாராஷ்டிரத்தில் 1995-இல் வந்த சிவசேனா-பாஜக அரசு, ஒரு ரூபாய்க்கு ஜுன்கா பாக்கர் என்ற கடலை மாவுக் கறியும் ரொட்டியும் கொடுக்கத் தெருவோரக் கடைகளைத் திறந்தது. நடத்துவதற்குத் தனியாருக்கு நல்ல இடங்களில் மனை தரப்பட்டது. மானியம் நின்றதும் ரொட்டி மறைந்தது, கடைகள் வேறு தின்பண்டம் விற்கத் தொடங்கின, இடம் மட்டும் நடத்துநர்களிடம் தங்கியது. தோற்றுப்போனவற்றைப் பார்க்க யாரும் குழு அனுப்புவதில்லை. வென்றதாகத் தெரிகிற இடத்துக்குத்தான் எல்லாக் குழுக்களும் போகின்றன. நகல் எடுப்பதில் இருக்கும் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

மணலியில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாநகராட்சிப் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகும்போது, உங்கள் வார்டு அம்மா உணவகத்தில் இந்த மாதம் எத்தனை இட்லி விற்றது, போன ஆண்டு இதே மாதம் எத்தனை விற்றது, கிரைண்டர் எத்தனை நாள் ஓடாமல் கிடந்தது என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.